'நிலையாக உள்ளார்' என்ற இரண்டு சொற்கள்

அந்தக் காகிதத்தில் மூன்றே வரிகள் இருந்தன. 'இவர் மனச்சிதைவு நோயாளி. தொடர்ந்து மருந்து எடுத்துக்கொள்கிறார். தற்போது நிலையாக உள்ளார்.' ஆங்கிலத்தில் எழுதி, கீழே மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வைக்கப்பட்டிருந்தன. அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்து, தம்பியையும் அழைத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிகள் மருத்துவ முகாமுக்குப் போனார் அந்த அக்கா. சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. ஊனத்தின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்றது அது. 40 இல்லையென்றால் ஓய்வூதியம் இல்லை.

நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ஊரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனி அது. தம்பிக்கு வயது 38. சென்னையில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் 24 வயதில் நோய் வந்தது. அக்கா கூலி வேலை செய்கிறார். நடவு, களை, மல்லாட்டை பிடுங்குவது என எது கிடைத்தாலும் போவார். கணவர் இல்லை. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய். அந்த வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

அந்தக் குடும்பத்தோடு ஆறு மாதம் நாமும் அலைந்தோம். முதல் விண்ணப்பம் ஏன் தோற்றது, இரண்டாவது ஏன் நின்றது என்பதை அருகிலிருந்து பார்த்தோம். இரண்டு முறையும் நோயாளி அதே ஆள், நோயும் அதே நோய். மருத்துவரின் சான்றிதழில் எழுதப்பட்ட வரிகள்தான் மாறின.

நோயின் பெயர் போதாது

மனச்சிதைவு நோயை மருத்துவர்கள் ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள். காதில் இல்லாத குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, சம்பந்தமில்லாமல் பேசுவது ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். மருந்து பெரும்பாலும் இவற்றைத்தான் குறைக்கிறது. பல ஆண்டுகள் நீடித்த நோயில் இன்னொரு பகுதி உண்டு. எழுந்து ஒரு காரியம் செய்ய வேண்டும் என்ற எண்ணமே வராது. பேச்சு சுருங்கிவிடும். முகத்தில் சிரிப்போ கோபமோ தெரியாது. தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்தப் பகுதிக்கு மருந்து அவ்வளவாக உதவுவதில்லை.

நம் தம்பிக்கும் அதுதான் நடந்தது. மாதம் ஒரு ஊசியும் தினசரி மாத்திரையும் எடுக்கத் தொடங்கிய பிறகு குரல்கள் அடங்கின. கத்துவதில்லை, ஓடிப்போவதில்லை. மருத்துவரின் கண்ணில் அது பெரிய முன்னேற்றம். அதனால் 'நிலையாக உள்ளார்' என்று எழுதினார். அது பொய்யும் இல்லை. நோய் தீவிரமடையவில்லை என்ற பொருளில்தான் அவர் எழுதினார். முகாமில் அதைப் படித்தவரோ ஆள் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நோயின் பெயரை மட்டும் அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. வாழ்க்கையின் சாதாரணத் தேவைகளைச் சமாளிக்கும் திறனை அந்த நோய் எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று கேட்கிறது. மூன்று வரிச் சான்றிதழில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

எப்படி மதிப்பெண் போடுகிறார்கள்

மனநோயால் வரும் ஊனத்தை அளக்க நம் நாட்டில் 'ஐடியாஸ்' என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கியது அது. பார்க்க எளிமையானது. நான்கு தலைப்புகள் உண்டு. முதலாவது, தன்னைத் தானே பார்த்துக்கொள்வது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, உடல்நலம் பேணுவது இதில் அடங்கும். இரண்டாவது, மற்றவர்களோடு பழகுவது. மூன்றாவது, சொல்வதைப் புரிந்துகொண்டு பேசுவது. நான்காவது, வேலை. வேலை என்றால் கூலி வேலையாகவும் இருக்கலாம், வீட்டு வேலையாகவும் இருக்கலாம், மாணவர் என்றால் படிப்பாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு தலைப்புக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமம் இல்லை என்றால் 0, இலேசான சிரமம் 1, நடுத்தரம் 2, கடுமை 3, முழுவதும் பிறரைச் சார்ந்திருந்தால் 4. இதோடு நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் சேரும். இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 1, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை 2, ஆறிலிருந்து பத்துவரை 3, பத்துக்கு மேல் 4. எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 20. கூட்டுத்தொகை 7 வந்தால்தான் 40 விழுக்காடு தொடங்கும். 7 முதல் 13 வரை 40-70 விழுக்காடு. 14 முதல் 19 வரை 71-99. இருபதுக்கு இருபது என்றால் 100.

பரீட்சையில் மதிப்பெண் கூடினால் சந்தோஷம். இங்கே மதிப்பெண் கூடினால் சிரமம் கூடுதல் என்று பொருள். இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது புரியும்.

ஆறில் நின்ற கணக்கு

முதல் முறை நிராகரித்தபோது காரணம் எதுவும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, சிகிச்சை பெறுபவர் தன் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டுப் பெறலாம் என்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். மதிப்பீட்டுத் தாளின் நகல் கிடைத்தது.

நான்கு தலைப்புக்கும் தலா 1 போட்டிருந்தார்கள். மொத்தம் 4. நோயின் காலம் மூன்று ஆண்டு என்று எழுதி 2 சேர்த்திருந்தார்கள். ஆகக் கூடி 6. ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறிவிட்டது.

அக்காவோடு உட்கார்ந்து, முகாமில் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தோம்.

'குளிப்பாரா?' என்று கேட்டிருக்கிறார்கள். 'குளிப்பான்' என்று அக்கா சொல்லியிருக்கிறார். அன்று காலை தம்பியைத் தொட்டியடியில் உட்காரவைத்து, தலைக்கு ஊற்றி, சவரம் செய்யவைத்து, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டு அழைத்துப் போனதும் அக்காதான். அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம்.

"காலனிக்காரங்கன்னாலே அழுக்குன்னு பேசுறாங்க. குளிக்க மாட்டான், நான்தான் ஊத்திவுடணும்னு எங்க வாயாலயே எப்படிங்க சொல்றது? அத்தினி பேரு நிக்கிறாங்க."

'வேலைக்குப் போகிறாரா?' என்றதற்கும் 'போறான்' என்றே சொல்லியிருக்கிறார். சும்மா உட்கார்ந்து தின்கிற ஆள் என்று தம்பியைப் பற்றி யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற பயம். உண்மையில் மாதம் எட்டு, பத்து நாள் அக்கா போகும் வயலுக்கு அவரும் கூடப் போகிறார். ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பார். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிடுவார். அவர் பங்கையும் அக்காவே சேர்த்துச் செய்வார். நிலத்துக்காரர் பாதிக்கூலி கொடுப்பார், சில நாள் அதுவும் இல்லை. தாளில் 'விவசாயக் கூலி' என்று தொழில் பதிவாகிவிட்டது.

'யாரோடும் சண்டை போடுவாரா?' என்ற கேள்விக்கு அம்மா முந்திக்கொண்டு, "எம் புள்ள ஒருத்தர் வம்புக்கும் போவாதுங்க" என்றிருக்கிறார். பெருமையாகச் சொன்ன பதில். பழகுவதில் சிரமம் இலேசு என்று பதிவானது. பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட அவராகப் போய்ப் பேசி ஆண்டுக்கணக்காகிறது, உறவினர் வந்தால் வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார், எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகுதான் சாப்பிட வருகிறார் என்பதை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

கடைசியில் தம்பியிடமே 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டிருக்கிறார்கள். 'நல்லா இருக்கேன்' என்றாராம். இந்த நோயில் பலருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரியாது. நல்லா இருக்கேன் என்ற பதிலும் சில நேரம் நோயின் பகுதிதான்.

நோயின் காலம் ஏன் மூன்று ஆண்டு ஆனது? இப்போது காட்டும் அரசு மருத்துவமனையில் பதிவு தொடங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன் கோயில், மந்திரிப்பு, நடுவில் கொஞ்சம் தனியார் மருத்துவம், பணமில்லாமல் நிறுத்தியது என்று பதினோரு ஆண்டு போயிருந்தது. அந்தச் சீட்டுகள் மழையில் நனைந்தும் கூரை மாற்றும்போதும் தொலைந்துபோயின. சாதிச் சான்றிதழை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் அப்படி வைக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஒரு மாத நோட்டு

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைக்கு மாதம் ஒருநாள் மனநல மருத்துவர் வருகிறார். நாம் நகலோடு போய் அவரைப் பார்த்தோம். மூன்று வரி எழுதியவரும் அவரே. தாளைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "நான் அவரை மாதத்தில் ஐந்து நிமிடம் பார்க்கிறேன். மீதி நாளெல்லாம் பார்ப்பது நீங்கள். நீங்கள் பார்ப்பது எனக்கு வேண்டும்" என்றார் அக்காவிடம். ஒரு மாதம் தினமும் நடந்ததைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம் என்றார்.

அக்காவுக்கு எழுத வராது. பிளஸ் டூ படிக்கும் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். ஒவ்வொரு நாளும் அதே நான்கு கேள்விகள். மாமா குளித்தாரா, யார் சொல்லி? சாப்பாடு, மாத்திரை யார் கொடுத்தது? யாரிடம் பேசினார், யார் முதலில் பேசியது? என்ன வேலை, எவ்வளவு நேரம், முடித்தாரா?

அந்த நோட்டை நாம் படித்தோம். ஒருநாள் இப்படி எழுதியிருந்தாள்: 'மூன்று முறை சொன்ன பிறகு குளித்தார். சோப்பு போடவில்லை. அம்மா முதுகு தேய்த்தார்.' இன்னொரு நாள்: 'வயலுக்குப் போனார். முக்கால் மணி நேரம். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். கூலி தரவில்லை.' வேறொரு நாள்: 'சித்தப்பா வந்தார். மாமா பின்னால் போய்விட்டார். இரவு எட்டு மணிக்கு வந்து சாப்பிட்டார்.' நல்ல நாட்களும் இருந்தன. 'ஆட்டுக்குட்டிகளை எண்ணிக் கட்டினார். யாரும் சொல்லவில்லை.'

மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தாள். முப்பது நாளில் யாரும் சொல்லாமல் குளித்தது நான்கு நாள். வயலுக்குப் போனது ஒன்பது நாள். அவற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது ஒரே நாள். அவராக ஒரு வெளியாளிடம் பேச்சைத் தொடங்கியது ஒருமுறைகூட இல்லை.

நோயின் காலத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. ரேஷன் அட்டை வைத்திருக்கும் தகரப்பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த ஒரு சீட்டை அம்மா எடுத்துத் தந்தார். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் காட்டிய புறநோயாளிச் சீட்டு. ஓரம் அரித்துப்போயிருந்தாலும் 2011 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. நோயின் பெயரும் இருந்தது.

இரண்டாவது சான்றிதழ்

அடுத்த மாதம் மருத்துவர் நோட்டு முழுவதையும் படித்தார். அக்காவைத் தனியாக அழைத்துக் கேட்டார். முகாமில் சொல்ல முடியாததை அந்தச் சின்ன அறையில் அக்கா சொன்னார். பிறகு தம்பியை அழைத்து, என்ன எழுதப்போகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்று விளக்கி, சம்மதமா என்று கேட்டார். தலையாட்டினார். பிறகு எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் நமக்குச் சொன்னார். அதன் சாரம் இது:

'இவருக்கு நாட்பட்ட மனச்சிதைவு நோய் உள்ளது. 2011ஆம் ஆண்டின் புறநோயாளிச் சீட்டின்படியும், அக்கா கூறும் வரலாற்றின்படியும் நோய் தொடங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. இடையில் சிகிச்சை விட்டுப்போன காலங்களில் நோய் தீவிரமடைந்திருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளாக என்னிடம் ஒழுங்காகச் சிகிச்சை பெறுகிறார். மாதம் ஒருமுறை ஃப்ளூபெனசின் ஊசியும் தினமும் ரிஸ்பெரிடோன் மாத்திரையும் எடுக்கிறார். சிகிச்சையால் குரல் கேட்பது பெருமளவு குறைந்துள்ளது. ஆயினும் செயலூக்கமின்மை, பேச்சுக் குறைவு, விலகியிருத்தல் ஆகியவை நீடிக்கின்றன.

தன்னைப் பார்த்துக்கொள்ளுதல்: பெரும்பாலான நாட்களில் பிறர் பலமுறை சொன்ன பிறகே குளிக்கிறார், உடை மாற்றுகிறார். சில நாட்களில் நேரடி உதவி தேவை. மாத்திரையை அக்கா எடுத்துத் தருகிறார். பழகுதல்: குடும்பத்தார் தவிர யாரிடமும் தானாகப் பேசுவதில்லை. விசேஷங்களையும் விருந்தினரையும் தவிர்க்கிறார். புரிந்துகொண்டு பேசுதல்: எளிய கேள்விகளைப் புரிந்து சுருக்கமாகப் பதில் சொல்கிறார். நீண்ட பேச்சைத் தொடர்வது கடினம். வேலை: கூலி வேலைக்கு மாதம் எட்டு முதல் பத்து நாள் உடன் அழைத்துச் செல்லப்படுகிறார். மேற்பார்வை இருந்தும் ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் செய்வதில்லை. முழுக்கூலி பெற்றதில்லை. இவரால் தனியாக வேலை செய்து பிழைக்க இயலாது.'

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி முதல்முறையாக வாய் திறந்தார். "ஆடு எண்ணுவேன். அத எழுதல."

மருத்துவர் பேனாவை எடுத்து இன்னொரு வரி சேர்த்தார்: 'வீட்டு ஆடுகளைத் தினமும் எண்ணிக் கட்டுவதைத் தானாகச் செய்கிறார்.' மதிப்பெண் குறைந்துவிடாதா என்று நாம் கேட்டோம். "உண்மையை எழுதினால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். எதுவுமே செய்ய மாட்டார் என்று எழுதியிருந்தால், முகாமில் அவர் ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே என் சான்றிதழ் முழுவதும் பொய்யாகிவிடும்" என்றார்.

அவர் எழுதாமல் விட்டவையும் உண்டு. விழுக்காடு எழுதவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவ வாரியம். சிகிச்சை தரும் மருத்துவரின் கடிதம் அந்த முடிவுக்கான சான்று மட்டுமே. நோய் முற்றியிருந்த நாட்களில் நடந்த அடிதடி, போலீஸ் விவரங்களையும் எழுதவில்லை. இந்தக் கேள்விக்கு அவை தேவையில்லை. அந்தக் காகிதம் பல கைகளுக்குப் போகும், கிராம நிர்வாக அலுவலர் வரை அதைப் படிப்பார். 'நிலையாக உள்ளார்' என்ற சொல்லும் இல்லை. எது குறைந்தது, எது நீடிக்கிறது என்று பிரித்து எழுதியதால் அதற்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

பன்னிரண்டு

நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 2016 சட்டத்தின் 59ஆவது பிரிவில் இடமுண்டு. ஆனால், புதிய ஆதாரம் கையில் இருந்ததால் மீண்டும் விண்ணப்பிப்பதே நல்லது என்று முடிவானது. swavlambancard.gov.in என்ற தளத்தில் பிளஸ் டூ மகளே விண்ணப்பித்தாள். புகைப்படம், ஆதார், இரண்டாவது சான்றிதழ், பழைய சீட்டு ஆகியவற்றைப் பதிவேற்றினாள். ஆதாரில் உள்ள பெயரும் மருத்துவமனைச் சீட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வித்தியாசம். அதை மருத்துவமனையில் முன்கூட்டியே திருத்திக்கொண்டார்கள். இல்லாவிட்டால் வேறு ஆளின் சீட்டு என்று சொல்லிவிடும் ஆபத்து இருந்தது.

இந்த முறை வெள்ளைச் சட்டை போடவில்லை. தம்பி அன்றாடம் எப்படி இருப்பாரோ அப்படியே போனார். அழுக்காகவும் போகவில்லை. நோட்டு அக்காவின் கையில் இருந்தது. கேள்வி கேட்டபோது, 'குளிப்பான், ஆனா நாங்க நாலு தடவ சொல்லணும், முதுகு நான் தேச்சுவிடணும்' என்று அக்கா சொன்னார். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்தார்.

தன்னைப் பார்த்துக்கொள்வதற்கு 2, பழகுவதற்கு 2, புரிந்து பேசுவதற்கு 1, வேலைக்கு 3. மொத்தம் 8. நோயின் காலம் பத்து ஆண்டைத் தாண்டியதால் 4. கூட்டினால் 12. சான்றிதழில் 65 விழுக்காடு என்று வந்தது. புரிந்து பேசுவதில் முன்பு போட்ட 1 அப்படியே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் அவருக்குப் பெரிய சிரமம் இல்லை, யாரும் இருப்பதாகச் சொல்லவும் இல்லை. மற்ற மூன்றிலும் நோயின் காலத்திலும் முன்பு விட்டுப்போனது இப்போது சேர்ந்தது.

அந்தச் சான்றிதழோடு இ-சேவை மையத்தில் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை வழங்கினார். வயது 18 நிறைந்திருப்பதும் சொத்து வரம்பும் இந்தக் கட்டத்தில்தான் பார்க்கப்படுகின்றன. மருத்துவச் சான்றிதழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கு அது உதவாது.

இன்னும் நான்கு ஆண்டு

சான்றிதழில் ஒரு தேதி இருக்கிறது. மனநோய் கூடும், குறையும் என்பதால் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தருகிறார்கள். நம் தம்பிக்கு ஐந்து ஆண்டு கொடுத்திருக்கிறார்கள். அதில் ஓராண்டு போய்விட்டது. காலம் முடிவதற்குள் மீண்டும் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். மறந்தால் ஓய்வூதியம் நிற்கும். அப்போதும் அதே கேள்விகள்தான் வரும். அதற்குள் ஊசியை விட்டுவிட்டால் மருத்துவமனைப் பதிவு அறுந்துபோகும், சிகிச்சையும் அறுந்துபோகும்.

சென்ற வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தினமும் எழுதுவதில்லை. ஊசி போடும் நாளன்று மட்டும் நோட்டில் ஒரு பக்கம் எழுதுகிறாள். ஊசிச் சீட்டை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுகிறாள். சீட்டு தொலைந்த வீட்டுப் பெண் கண்டுபிடித்த வழி அது.

நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 'இந்த மாதம் சொல்லாமல் குளித்தது ஏழு நாள்' என்று எழுதியிருந்தது. சென்ற ஆண்டு அது நான்கு. ஓய்வூதியம் குறைந்துவிடுமோ என்று அக்காவுக்குக் கவலை. அப்படி நல்லபடியாக மாறினால் அதையும் எழுதத்தான் வேண்டும் என்றாள் மகள். தம்பி அப்போது வாசலில் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று இருந்தன. ஒன்று குறைகிறது என்று அவரே வந்து அக்காவிடம் சொன்னார்.